நூல் மில்லை மாற்றும் முன்: பழையதையும் புதியதையும் ஒரே துணியில் ஓட்டிப் பார்ப்பது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் வாங்குவது என் வேலை. நூலின் தடிமனைக் கவுன்ட் என்ற எண்ணால் சொல்வோம், எண் கூடினால் நூல் மெலிது. பல கவுன்ட்டுகள் வாங்கினாலும் பெரும்பங்கு 30 கவுன்ட் கோம்டு ஹோசைரி நூல்தான், அதாவது குட்டை இழைகளைச் சீவி எடுத்த பின்னலாடை நூல். டி-ஷர்ட்டுக்குப் போகும் சிங்கிள் ஜெர்சி துணி அதில்தான் ஓடுகிறது. இந்த நூலை எந்த மில்லில் வாங்குவது என்ற பேச்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிளம்பும். கிளப்புவது பெரும்பாலும் விலைதான். கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்று ஒரு மில்லின் மார்க்கெட்டிங் ஆள் வந்து உட்காருவார். கையில் ஒரு கோன், ஒரு உஸ்டர் ரிப்போர்ட்.

அந்த ரிப்போர்ட் பொய் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நூல் எவ்வளவு சீராக இருக்கிறது, கிலோமீட்டருக்கு எத்தனை இடத்தில் மெலிந்திருக்கிறது, எத்தனை இடத்தில் தடித்திருக்கிறது, எத்தனை நெப்ஸ், அதாவது குட்டி முடிச்சு, என்றெல்லாம் அது ஒழுங்காகவே சொல்கிறது. உலகம் முழுக்க உள்ள மில்களின் அளவுகளோடு ஒப்பிட்டு இந்த நூல் எந்த இடத்தில் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். சிக்கல் வேறு இடத்தில். 30 கவுன்ட் நூல் ஒரு கிலோவில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம் இருக்கும். 1.89 கிலோ கோன் ஒன்றில் 96 கிலோமீட்டர். ரிப்போர்ட்டுக்காகச் சோதனை மெஷின் ஒரு கோனில் பார்ப்பது வழக்கமாக ஒரு கிலோமீட்டர்தான், அதுவும் பத்துக் கோனில். அந்தப் பத்தும் எந்த ஸ்பிண்டிலில் இருந்து, எந்த நாளில் எடுத்தவை என்பது மில்லுக்கு மட்டும்தான் தெரியும். நூல் சீராக இருந்தாலும் அது எந்தப் பஞ்சில் நூற்கப்பட்டது, சாயத்தை எப்படி வாங்கும் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் துணியில் அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

அதனால் மார்க்கெட்டிங் ஆள் கொண்டுவரும் கோனை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன். சோதனைக்கு அதை எடுப்பதில்லை. அதே மில்லின் நூலை ஓட்டுகிற ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட்டிலோ நூல் டீலர் குடோனிலோ பிரிக்காத பெட்டிகளாக வாங்குவேன். காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். நாம் சோதிக்கப்போகிறோம் என்று மில்லுக்குத் தெரியாமல் வந்த பெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முடிந்தால் வேறு வேறு லாட் நம்பர், வேறு வேறு பேக்கிங் தேதி. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நான் இப்படி வாங்கிச் சோதிப்பேன் என்று மில்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். நல்ல மில்காரர் யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. இதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை. பஞ்சு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். வியாபாரக் கணக்கில் பருத்தி நூலுக்கு ஏற்றுக்கொண்ட ஈரம் 8.5 விழுக்காடு, அதாவது முழுக்கக் காய்ந்த நூல் 100 கிலோ என்றால் 8.5 கிலோ தண்ணீர். மில்கள் பேக்கிங்குக்கு முன்னால் நூலை நீராவியில் வைத்துப் பதப்படுத்துவது வழக்கம். முறுக்கு அடங்கும், தூசி பறக்காது, நிட்டிங்கில் நன்றாக ஓடும். அது தேவையான வேலைதான். ஆனால் கொஞ்சம் தாராளமாகப் பதப்படுத்தினால் தண்ணீரையும் நூல் விலைக்கே விற்கலாம். ஆகவே பெட்டியைப் பிரித்த கையோடு, கோனின் மேல்பகுதி நூல், உள்பகுதி நூல் இரண்டிலும் கொஞ்சம் எடுத்துப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். அரை நாள் மேசையில் கிடந்தால் ஈரம் பறந்துபோய் அளவு மாறிவிடும். பிறகு எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை இனிக் குறையாது என்கிற வரை காயவைத்து, மறுபடி எடை போட்டால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம்மிடம் அடுப்பு இல்லையென்றால் கோயம்புத்தூரில் சிட்ரா போன்ற சோதனைக்கூடத்தில் கொடுக்கலாம். பையை மட்டும் வழியில் திறக்கக் கூடாது.

அடுத்தது கவுன்ட். சுற்று ஒன்றரை கஜம் உள்ள ராப் ரீலில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கஜம், அதாவது ஒரு லீ. 64.8-ஐ லீயின் கிராம் எடையால் வகுத்தால் கவுன்ட் வந்துவிடும். சரியான 30 கவுன்ட்டின் லீ 2.16 கிராம் நிற்கும். 2.2 காட்டினால் நூல் தடிமன் என்று அர்த்தம். இங்கேயும் ஈரம் குறுக்கே வரும். ஈரமான நூல் கனக்கும், கனத்தால் கவுன்ட் குறைத்துக் காட்டும். அதனால் 27 டிகிரியும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு லீ எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுப்பில் கிடைத்த ஈரக் கணக்கை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். பழைய மில்லின் நூல் கிலோ 270 ரூபாய், புதியது 262 என்று வைத்துக்கொள்வோம். எட்டு ரூபாய் லாபம் என்றுதான் மார்க்கெட்டிங் ஆளும் சொல்வார், எங்கள் முதலாளியும் சொல்வார். சோதனையில் பழைய நூலின் ஈரம் 8.9, புதியதன் ஈரம் 10.5. பழையதன் கவுன்ட் 29.9, புதியதன் கவுன்ட் 29.7. முதலில் தண்ணீர்க் கணக்கு. 8.5 ஈரத்தில் உள்ள ஒரு கிலோ நூலுக்குச் சமமாக வர, பழைய நூலில் 1.004 கிலோவும் புதிய நூலில் 1.018 கிலோவும் வாங்க வேண்டும். விலையில் வைத்தால் பழையது 271 ரூபாய், புதியது 266 ரூபாய் 80 காசு. எட்டு ரூபாய் இப்போது நாலே கால் ரூபாய் ஆகிவிட்டது. அடுத்து கவுன்ட். லூப் நீளம், அதாவது ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம், மாறாமல் நிட் செய்தால் புதிய நூலின் துணி கூடுதலாகக் கனக்கும், முக்கால் விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே. பையர் துண்டுக்குத்தான் காசு தருகிறார், கனத்துக்கு இல்லை. நூல், நிட்டிங் கூலி, சாயக் கூலி எல்லாம் கிலோவுக்குத்தான் போகிறது. மூன்றும் சேர்ந்து கிலோ 380 ரூபாய் என்றால் இந்தக் கனத்துக்கு இரண்டரை ரூபாய் போகும். கையில் நிற்பது ஒன்றே முக்கால் ரூபாய்.

லூப் நீளத்தைக் கூட்டி ஜி.எஸ்.எம்மை, அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடையை, சரிக்கட்டிவிடலாமே என்று நிட்டிங்காரர் சொல்வார். செய்யலாம். துணி தளரும், துவைத்தால் சுருங்கும் அளவு கூடும். பையர் சுருக்கத்துக்கு ஐந்து விழுக்காடு எல்லை வைத்திருந்தால் அங்கே போய் மாட்டிக்கொள்வோம்.

இந்தக் கணக்கில் பழைய நூலையும் சேர்த்துச் சோதித்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைச் செய்யாமல் புதிய நூலை 8.5 என்ற ஏட்டு அளவோடும் 30 என்ற பெயர்க் கவுன்ட்டோடும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் லாபமே இல்லை என்று வந்திருக்கும். அது புதிய மில்லுக்குச் செய்யும் அநியாயம். வருஷக்கணக்காக வாங்கும் மில்லின் நூலை யாரும் அடுப்பில் வைப்பதில்லை. என் அனுபவத்தில் இப்படிச் சேர்த்துச் சோதிக்கும்போது சில சமயம் பழைய மில்தான் மாட்டிக்கொள்ளும்.

முறுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹோசைரி நூலுக்கு முறுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 30 கவுன்ட்டுக்கு அங்குலத்துக்கு 19 முறுக்கு என்ற அளவில் இருந்தால் நல்லது. தறிக்குப் போகிற நூலின் முறுக்கு இதில் வந்துவிட்டால் துணி முரடாகும், துவைத்ததும் பக்கத் தையல் முன்னால் சுற்றிக்கொண்டு வரும். மெழுகும் அப்படித்தான். மெழுகு ஏறாத கோன் நிட்டிங்கில் அறுந்து அறுந்து தானாகவே காட்டிக்கொடுக்கும்.

இனி நிட்டிங்குக்கு வருவோம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பலர் செய்வது இது: புது நூலைத் தனியாக ஒரு ரோல் ஓட்டி, சாயம் போட்டு, நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுவது. எதோடு ஒப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. சாயப்பட்டறையில் ஒவ்வொரு பாத்துக்கும், அதாவது ஒவ்வொரு தடவை சாயத்தொட்டி ஓட்டும்போதும், நிறம் கொஞ்சம் மாறும். இன்றைக்கு வந்த புது நூல் துணியையும் போன மாதம் வந்த பழைய நூல் துணியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும், ஆனால் அது நூலால் வந்ததா சாயத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நூலையும் ஒரே துணியில், ஒரே பாத்தில் கொண்டுவந்தால் அந்தச் சண்டையே இல்லை.

எங்களுக்கு நிட்டிங் செய்பவரிடம் 30 அங்குல டயா, 24 கேஜ், 90 ஃபீடர் சிங்கிள் ஜெர்சி மெஷின் இருக்கிறது. ஒரு ஃபீடருக்கு ஒரு கோன். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றினால் 90 வரி துணி இறங்கும். அடுத்தடுத்து 45 ஃபீடரில் பழைய நூல், மீதி 45-இல் புதிய நூல் போடச் சொல்வேன். பெட்டிக்கு 24 கோன் வரும், ஆக இரண்டு பெட்டி புது நூல் போதும். டென்ஷனும் லூப் நீளமும் எல்லா ஃபீடருக்கும் ஒன்றாக வைத்துவிட்டு அரை ரோல் ஓட்ட வேண்டும். இறங்கும் துணியில் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் பழையதும் புதியதும் மாறி மாறி வரும். கிரே துணியில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதனால் எங்கே எது என்று தெரிய, பழைய நூல் தொடங்கும் ஃபீடரில் கொஞ்ச நேரம் கலர் பாலியெஸ்டர் நூலை விட்டு அடையாளம் வைத்துக்கொள்வோம். சாயத்தில் அந்த வரி நிறம் மாறாமல் நிற்கும்.

இதோடு இன்னொரு அரை ரோல், 90 ஃபீடரிலும் புது நூல் மட்டும். அதிலும் 45 ஒரு லாட், 45 இன்னொரு லாட். இந்த இரண்டாவது துணி ஏன் என்று கேட்பவர்கள் அதிகம். பழையதும் புதியதும் கலந்த துணியில் பட்டை தெரிந்தால் புது நூல் மோசம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மில்லும் வேறு வேறு பஞ்சில் நூற்பார்கள். ஒன்று குஜராத் சங்கர்-6 ஆக இருக்கலாம், மற்றது வேறு ரகங்களின் கலவையாக இருக்கலாம். பஞ்சின் முதிர்ச்சியும் நுண்மையும் மாறினால் சாயம் வாங்குவதும் மாறும். ஆகவே முதல் துணி சொல்லும் சேதி ஒன்றே ஒன்று: இந்த இரண்டு நூலையும் ஒரு ஆர்டருக்குள் கலக்கலாமா கூடாதா என்பது. புது மில் தன் நூலைத் தானே ஒரே மாதிரி வைத்திருக்கிறதா என்பதை இரண்டாவது துணிதான் சொல்லும். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி.

இரண்டு துணியையும் மூன்றாக வெட்டி மூன்று நிறம் போடுவோம்: வெள்ளை, நடுத்தர சாம்பல், நேவி. மூன்றும் மூன்று விதமாகக் காட்டிக்கொடுக்கும். வெள்ளையில் தெரிவது கலப்படம்: கலர் நூல் துணுக்கு, முடி, சணல். பட்டை வெள்ளையில் தெரியவே தெரியாது. நேவி, கறுப்பு போன்ற அடர்த்தியான நிறங்களிலும் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் அங்கே வெண்புள்ளிகள் எழுந்து நிற்கும். சில புள்ளிகள் முதிராத பஞ்சு முடிச்சுகள், அவை சாயத்தை வாங்குவதில்லை. சில உரச்சாக்கில் இருந்து பஞ்சோடு வந்த பாலிப்ரொப்பிலீன் இழைகள், அவை பருத்திச் சாயத்தைத் தொடுவதே இல்லை. ஊசியால் கிளறி எடுத்து நெருப்பில் காட்டினால் பஞ்சு எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும். சாம்பல் நிறத்தில்தான் பட்டை வெளிச்சம்போட்டுக் காட்டும். அதனால்தான் வெள்ளையில் மட்டும் சாம்பிள் ஓட்டிவிட்டு மில்லுக்கு ஓகே சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பதைக்கும்.

பட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது. துணியைத் தொங்கவிட்டு ஏழெட்டு அடி தள்ளி நின்று, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்க்க வேண்டும். மேலிருந்து நேரே அடிக்கும் வெளிச்சத்தைவிட, பக்கவாட்டில் ஜன்னலில் இருந்து வரும் பகல் வெளிச்சம் நல்லது.

போன மாற்றத்தின்போது பார்த்தது இது. முதல் துணி, சாம்பல் நிறத்தில், எதிர்பார்த்தபடியே பட்டை காட்டியது. பாலியெஸ்டர் வரியை வைத்து எண்ணினால் புது நூல் பட்டைகள் ஒரு சாயல் அடர்த்தி. ஆக கலக்கக் கூடாது, சரி. இரண்டாவது துணியில் இரண்டு லாட்டுக்கும் இடையே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எங்கள் குவாலிட்டிகாரருக்கும் தெரியவில்லை. ஆனால் வேறொன்று இருந்தது. ஏறக்குறைய இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை, மயிரிழைபோல் ஒரே ஒரு வெளிர் வரி. எண்ணிப் பார்த்தால் சரியாக 90 வரிக்கு ஒன்று. அதாவது ஒரே ஒரு ஃபீடர்.

இந்த இடத்தில்தான் நிட்டிங்காரரும் மில்காரரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். ஒருவர் நூல் என்பார், ஒருவர் மெஷின் என்பார். யார் சொல்வது சரி என்பதைத் துணியே சொல்லும். அந்த வெளிர் வரியையும் பக்கத்து வரியையும் ஒரே அகலத்துக்கு வெட்டி, இழையைப் பிரித்து எடுத்து, சுருக்கம் போக லேசாக நீட்டி நீளம் அளக்க வேண்டும். வரியின் இழை குட்டையாகவோ நீளமாகவோ இருந்தால் அந்த ஃபீடரில் டென்ஷன் மாறியிருக்கிறது, குற்றம் மெஷினில். நீளம் ஒன்றாக இருந்து எடை மாறினால் அந்தக் கோனின் கவுன்ட் வேறு. இரண்டும் ஒன்றாக இருந்தும் நிறம் மட்டும் வேறு என்றால் பஞ்சு வேறு. ஒற்றை இழையை எடை போட நுண்தராசு வேண்டும், அதனால் பல இடத்தில் இருந்து இழைகளைச் சேர்த்து எடுத்துப் போடுவோம். எங்களுக்கு நீளமும் எடையும் ஒன்றாகவே வந்தது.

இதைவிட எளிதான வழியும் உண்டு, மெஷினில் இன்னும் கோன்கள் இருக்கிற வரைக்கும். சந்தேகப்படும் கோனை எடுத்து இருபது ஃபீடர் தள்ளி மாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் துணி ஓட்ட வேண்டும். வரி கோனோடு நகர்ந்தால் நூல், பழைய இடத்திலேயே நின்றால் ஃபீடர். சாயம் போட்டால்தான் தெரியும் என்பதால் இதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும். அதனால் டிரயல் முடிந்து துணி சாயமாகி வருகிற வரைக்கும் கோன்களை ஃபீடர் நம்பர் எழுதி ஒட்டித் தனியாக வைக்கச் சொல்லிவிடுவேன். நிட்டிங்காரருக்கு இது பெரிய எரிச்சல். இடத்தை அடைக்கும். ஆனாலும் செய்வார்.

அந்த ஃபீடரின் கோனை எடுத்துப் புறஊதா விளக்கின் கீழே மற்ற கோன்களோடு வைத்தோம். பகலில் எல்லாம் ஒரே வெண்மை. விளக்கின் கீழே மற்றவை நீலம் பாய்ந்த வெளுப்பாக இருக்க, இது மட்டும் மஞ்சள் பாய்ந்திருந்தது. பஞ்சு மாறினால் இப்படித் தெரியும். வேறு மிக்ஸிங்கில், அதாவது வேறு பஞ்சுக் கலவையில், நூற்ற கோன் ஒன்று இந்த லாட் பெட்டிக்குள் புகுந்திருக்கிறது.

மில்லுக்கு போன் போட்டேன். மார்க்கெட்டிங் ஆள் சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, நாலு பெட்டியா எடுத்து ஓட்டிட்டு, அதுல ஒரு கோனுக்காகவா இவ்ளோ தூரம்?"

"தம்பி, அந்த ஒரு கோன் ஒரு ரோல் பூரா கோடு போடுதுங்க. ரோல் முழுக்க நாங்க என்ன பண்றது?"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு கோன் எல்லா மில்லிலும் எப்போதாவது மாறும். ஆனால் துணியின் பக்கம் நின்று பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. 90 கோனில் ஒன்று மாறினால் 90-இல் ஒரு பங்கு துணி கெடுவதில்லை. 90 வரிக்கு ஒரு வரி என்று மொத்த ரோலும் கெடுகிறது. ஒரு டி-ஷர்ட்டின் நெஞ்சில் மட்டுமே அந்தக் கோடு பல தடவை வந்து போகும். அதனால் கலந்த கோன் விஷயத்தில் மட்டும் நான் எண்ணிக்கை பேசுவதில்லை. அது எப்படிக் கலந்தது என்றுதான் கேட்பேன்.

அந்தக் கேள்விக்கு மில் தரும் பதிலை நான் சோதனையில் ஒரு பங்காகவே எடுத்துக்கொள்கிறேன். சில மில்கள் வேறு பெட்டி அனுப்புகிறோம் என்று முடித்துவிடுவார்கள். இந்த மில்லில் மார்க்கெட்டிங் ஆள் சிரித்தாலும் அடுத்த நாள் குவாலிட்டி ஆள் பேசினார். கோனின் உள்ளே இருக்கும் பேப்பர் கூம்பு என்ன நிறம், அதன் நுனியில் என்ன அடையாளம் என்று கேட்டார். ஒவ்வொரு கவுன்ட்டுக்கும் மிக்ஸிங்குக்கும் கூம்பின் நிறத்தையோ நுனி வர்ணத்தையோ மாற்றி வைப்பது மில் வழக்கம். படம் எடுத்து அனுப்பினேன். கூம்பு சரியானதுதான். அப்படியென்றால் பேக்கிங்கில் கலக்கவில்லை, அதற்கு முன்னாலேயே, ஸ்பின்னிங்கில் இருந்து கோன் சுற்றும் மெஷினுக்குப் போகும் சிறு நூல் உருளைகளான காப்புகளில் வேறு மிக்ஸிங்கின் மீதி காப்புகள் சேர்ந்திருக்க வேண்டும் என்றார். மிக்ஸிங் மாற்றும்போது மெஷினைச் சுத்தமாகக் காலி செய்யாமல் தொடர்ந்தால் இப்படி ஆகும். பேக்கிங்குக்கு முன்னால் எல்லா கோனும் புறஊதா விளக்கின் கீழே போகிறதா என்று கேட்டேன். ஏற்றுமதிப் பெட்டிக்குப் போகிறது, உள்ளூர்ப் பெட்டிக்குப் போவதில்லை என்று மறைக்காமல் சொன்னார். எங்களுக்கு வரும் லாட்டுக்கும் அதைச் செய்வது என்று பேசி, ஆர்டர் தாளில் ஒரு வரியாக எழுதிக்கொண்டோம். விலையில் ஐம்பது காசு திரும்பிப் போனது. கொடுத்தேன். ஒன்றே முக்கால் ரூபாய் லாபம் ஒன்றே கால் ஆனது.

மற்றபடி நேவியில் வெண்புள்ளி இரண்டு நூலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வெள்ளையில் புதியது பழையதைவிடச் சுத்தம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். துவைத்து உலர்த்தி அளந்ததில் பக்கத் தையல் சுற்றும் அளவும் எல்லைக்குள் இருந்தது.

கிலோவுக்கு ஒன்றே கால் ரூபாய்க்காக மாற்ற வேண்டுமா என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. டிரயலுக்கே செலவு இருக்கிறது: இரண்டு அரை ரோலின் நூல், நிட்டிங் கூலி, மூன்று நிறச் சாயம், சோதனைக்கூடக் கட்டணம். துணி வீணாகாது. பட்டை விழுந்ததைக் காதர்பேட்டையில் யாராவது எடுத்துக்கொள்வார்கள், விலை பாதிதான் கிடைக்கும். என் பதில் விலையை வைத்து வரவில்லை. ஒரே மில்லை நம்பி இருக்கும்போது அங்கே மின்தடையோ பஞ்சுத் தட்டுப்பாடோ வந்தால் எங்கள் மெஷின் நிற்கிறது. சோதித்து வைத்த இரண்டாவது மில் ஒன்று கைவசம் இருந்தால் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியதில்லை. ஆகவே மாற்றுவது என்பதைவிடச் சேர்ப்பது என்று முடிவானது.

சேர்க்கும் முறையிலும் துணி சொன்னதைத்தான் கேட்டோம். வெள்ளையில் பட்டை தெரியாது, புது நூலோ சுத்தம். ஆகவே வெள்ளை ஆர்டர்கள் முதலில் புது மில்லுக்குப் போயின. கறுப்பும் நேவியும் அடுத்து. சாம்பல், பச்சை, ராயல் ப்ளூ போன்ற நடுத்தர நிறங்கள் பழைய மில்லிலேயே நின்றன. ஒரு ஆர்டருக்கு ஒரு மில், ஒரு ஆர்டருக்கு முடிந்த வரை ஒரு லாட் என்று நிட்டிங்காரரிடம் எழுதிக் கொடுத்தோம். மீதியான பழைய கோன்களைப் புது நூலோடு சேர்த்து ஓட்டித் தீர்ப்பது நிட்டிங் யூனிட்டில் வழக்கமாக நடக்கும் காரியம், அதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். மீதிக் கோன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ரிப் காலருக்கும் உள்பட்டிக்கும் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதையும் உடம்புத் துணியோடு நிறம் ஒத்துப்போக வேண்டிய ஆர்டரில் விடவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நாங்கள் சோதித்தது ஆவணி மாதம். பஞ்சு வருஷம் அக்டோபரில் தொடங்குகிறது. ஆவணியில் மில்லில் ஓடுவது போன சீசனின் கடைசிப் பஞ்சு, பல நாள் குடோனில் இருந்தது. ஐப்பசிக்குப் பிறகு புதுப்பஞ்சு வரத் தொடங்கும், கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸிங்கில் ஏறும். முதல் பறிப்பின் பஞ்சுக்கும் கடைசிப் பறிப்பின் பஞ்சுக்கும் முதிர்ச்சி வேறு. ஆவணியில் ஓகே சொன்ன நூலும் தையில் வரும் நூலும் ஒரே மில், ஒரே கவுன்ட், ஒரே உஸ்டர் அளவு என்று இருந்தாலும் சாயத்தில் இரண்டு நூலாக இருக்கலாம். இதில் மில்லின் திறமை தெரிவது பஞ்சுப் பொதிகளான பேல்களைக் கலக்கும் விதத்தில். முதிர்ச்சி அளவை வைத்துப் பேல்களை வரிசைப்படுத்தி, பழைய பஞ்சும் புதிய பஞ்சும் படிப்படியாக மாறும்படி மிக்ஸிங் போடும் மில்லில் இந்த வித்தியாசம் அடங்கிவிடும். ஒரு வாரம் இது, அடுத்த வாரம் அது என்று கிடைத்ததைப் போடும் மில்லில் லாட்டுக்கு லாட் துணி ஆடும்.

அதற்காக ஆவணி லாட்டில் ஒரு பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம், பாலித்தீன் சுற்றி, லாட் நம்பரும் தேதியும் எழுதி. தையில் வரும் லாட்டில் மூன்று பெட்டி எடுத்து, இந்தப் பெட்டியின் 24 கோனை வரிசையாக 24 ஃபீடரில் போட்டு, மீதி 66-இல் புது லாட் போட்டு, சாம்பல் நிறம் மட்டும் ஒரு டிரயல் ஓட்டுவோம். அதில் பட்டை இல்லையென்றால் நடுத்தர நிறங்களையும் புது மில்லுக்குக் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். மார்க்கெட்டிங் தம்பி இப்போதே வாரத்துக்கு ஒரு தடவை போன் போட்டுக் கேட்கிறார். பொங்கல் கழியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.